தவறிய தேதியும் புதிய தேதியும்: வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும் தாமதத் தகவல்

ஏற்றுமதி ஆர்டர் ஒன்று கையெழுத்தாகும் நாளிலேயே அதற்கு ஒரு நாள்காட்டியும் தயாராகிவிடும். நூல் வரும் நாள், துணி வரும் நாள், வெட்டும் நாள், தைத்து முடிக்கும் நாள், சரக்கு ஆலையை விட்டுப் புறப்படும் நாள் என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தேதி குறிக்கப்பட்டிருக்கும். திருப்பூரில் பையர் என்று அழைக்கப்படும் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமும் அதே நாள்காட்டியின் நகல் இருக்கும். அந்தத் தேதிகளில் ஒன்று தவறும்போது, நடந்தது என்ன, ஏன் நடந்தது, இனி எந்த நாளில் சரியாகும் என்று அவருக்கு எழுதி அனுப்புவதே தாமதத் தகவல். பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் மின்னஞ்சல்தான் அது. ஆனால் அதிலுள்ள ஒரு தேதியை நம்பி, கடலுக்கு அப்பால் கிடங்கில் இடம் ஒதுக்குவார்கள், கடைகளுக்கு விற்பனை நாள் சொல்வார்கள், விளம்பரத் தாள் அச்சடிப்பார்கள்.

இந்தத் தகவல் எப்படி உருவாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே படிப்படியாகப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்காக வகுத்துக்கொண்ட ஆர்டர் இது: திருப்பூர் நிறுவனம் ஒன்று ஹாம்பர்க்கில் உள்ள பையருக்கு 8,000 கருநீலப் பருத்தி டி-சட்டைகள் அனுப்ப வேண்டும். சாயமிட்ட துணி ஜூன் 8, திங்கட்கிழமை ஆலைக்கு வர வேண்டும். ஜூன் 10 வெட்டு, 11 முதல் 22 வரை தையல், 25 அன்று தரப் பரிசோதனை. தூத்துக்குடியில் பையர் நியமித்த சரக்கு முகவரின் கிடங்கில் ஜூன் 27 சனிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஜூன் 30 செவ்வாய்க்கிழமை கப்பல் புறப்படும். வாரம் ஒரு கப்பல்தான்.

ஜூன் 5, வெள்ளிக்கிழமை மாலை ஆய்வகத்திலிருந்து அறிக்கை வருகிறது. சாயமிட்ட துணி, ஈர உரசல் சோதனையில் தேறவில்லை. இந்தச் சோதனையில் ஈரமான வெள்ளைத் துணியைக் கருநீலத் துணியின் மேல் குறிப்பிட்ட அழுத்தத்தில் முன்னும் பின்னுமாகத் தேய்ப்பார்கள். வெள்ளைத் துணியில் ஒட்டும் சாயத்தின் அளவைப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவார்கள். 5 என்றால் கறையே இல்லை. இந்த ஆர்டரில் பையர் கேட்டது 3, கிடைத்தது 2. அந்தத் துணியில் தைத்த சட்டையை வியர்வையோடு போட்டால், உள்ளே போட்டிருக்கும் வெள்ளை பனியன் நீலமாகும். ஆகவே இதை மறைத்துத் தைத்து அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, எப்போது சொல்வது என்பதை. காரணமும் புதிய தேதியும் கையில் இல்லாமல் எப்படி எழுதுவது என்று காத்திருப்பவர்கள் அதிகம். காத்திருக்கும் நாட்களில் சரக்கு முகவரும் பையரின் கிடங்கும் பழைய தேதியை வைத்தே வேலை செய்துகொண்டிருப்பார்கள். காரணம் தெரியாமல் நீளமாக எழுதினாலோ, அதை அடுத்த மடலில் திருத்த வேண்டியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே நல்ல வழி, இரண்டு மடல்களாகப் பிரிப்பது. அன்றே நான்கு வரியில் ஒரு முன்தகவல். காரணம் உறுதியானதும் முழுத் தகவல். முன்தகவலில் இருக்க வேண்டியது இவ்வளவே: துணி ஈர உரசல் சோதனையில் 2 பெற்றிருக்கிறது, ஜூன் 8 துணி வரவு தவறும், காரணத்தைச் சாயப்பட்டறையோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம், திங்கட்கிழமை உங்கள் அலுவலகம் திறக்கும்போது முழு விவரமும் இருக்கும்.

கடைசி வரியில் உள்ள அந்த நேரக் குறிப்பு முக்கியமானது. கோடைக் காலத்தில் ஜெர்மனி இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி பின்னால் இருக்கிறது. திருப்பூரில் வெள்ளி மாலை 6 மணி என்றால் ஹாம்பர்க்கில் பிற்பகல் 2.30. பையர் இன்னும் அலுவலகத்தில்தான் இருப்பார்; தன் மேலாளரிடம் சொல்லிவிட்டு வார விடுமுறைக்குப் போகலாம். திங்கள் காலை அங்கே 9 மணியாகும்போது இங்கே 12.30. காலை முழுவதும் மடலைத் திருத்துவதற்கு இருக்கிறது. சனிக்கிழமை திருப்பூரில் வேலை நாள், ஜெர்மனியில் விடுமுறை. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் அப்படிக் கிடைக்கிறது.

காரணத்தை எழுதும் இடத்தில்தான் பெரும்பாலான தகவல்கள் பலவீனமாகின்றன. ‘சில தொழில்நுட்பக் காரணங்களால்’, ‘எதிர்பாராத சூழலால்’ என்ற சொற்கள் படிப்பவருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. இது மறுபடி நடக்குமா, மற்ற ஆர்டர்களையும் தொடுமா என்ற அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் அதில் பதில் இல்லை. காரணம் என்பது, அதை நீக்கினால் குறை நீங்கும் என்று காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

கருநீலம் போன்ற அடர் நிறங்களில் பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது, சாயம் முழுவதும் இழையோடு பிணைவதில்லை. ஒரு பகுதி சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். சாயம் ஏறுவதற்காகத் தொட்டியில் நிறைய உப்பும் சேர்ப்பார்கள். சாயமிட்ட பிறகு, முதலில் பச்சைத் தண்ணீரில் சில முறை அலசி உப்பை வெளியேற்ற வேண்டும். அதன் பிறகு கொதிநிலைக்கு அருகிலான வெந்நீரில் சோப்புக் கழுவல். உப்பு நிறைய மிஞ்சியிருந்தால், ஒட்டிக்கொண்ட சாயம் இழையை விட்டு இறங்காது. சனிக்கிழமை சாயப்பட்டறையின் பதிவுத்தாளைப் பார்த்தபோது, நான்கு லாட்டுகளிலும் இரண்டாவது அலசல் விடுபட்டிருப்பது தெரிகிறது. அதை உறுதிப்படுத்த, அதே துணியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அலசி, மறுபடி சோப்புக் கழுவல் செய்து ஆய்வகத்தில் தேய்த்துப் பார்க்கிறார்கள். மாலையில் மதிப்பெண் 3 வருகிறது. இப்போதுதான் காரணம் என்ற சொல்லைப் பயன்படுத்தும் தகுதி வருகிறது.

இதோடு நின்றுவிடக் கூடாது. அலசல் விடுபட்டது சாயப்பட்டறையின் தவறு. ஆனால் 400 கிலோ வீதம் நான்கு லாட்டுகளும் சாயமிட்டு முடிந்த பிறகுதான் முதல் சோதனை நடந்திருக்கிறது. முதல் லாட்டிலேயே சோதித்திருந்தால் ஒரு லாட்டோடு குறை நின்றிருக்கும், நாள்காட்டியும் பெரிதாக அசைந்திருக்காது. இந்தப் பிழை ஏற்றுமதி நிறுவனத்தின் ஏற்பாட்டில் இருக்கிறது. பையர் ஒப்பந்தம் செய்தது ஏற்றுமதி நிறுவனத்தோடு. சாயப்பட்டறை அவருக்கு யாரோ ஒருவர். ‘சாயப்பட்டறை தவறு செய்துவிட்டது’ என்று மட்டும் எழுதினால், அந்தப் பட்டறையை மேற்பார்வை செய்ய ஆளில்லை என்றுதான் அவர் படித்துக்கொள்வார். இரண்டு காரணங்களையும் எழுதுவதே நேர்மை. ‘அடுத்த ஆர்டரிலிருந்து முதல் லாட் தேறிய பிறகே இரண்டாவது லாட் தொட்டிக்குப் போகும்’ என்ற திருத்தம், இரண்டாவது காரணத்தை எழுதினால்தான் பொருள்படும்.

அடுத்தது தேதி. தகவலின் மையம் இதுதான், அதிக உழைப்பு கேட்பதும் இதுதான். உறுதியான தேதியைப் பின்னாலிருந்து இழுத்து வைக்க முடியாது. ஒவ்வொரு நாளிலும் என்ன நடக்கும் என்று முன்னாலிருந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். சாயப்பட்டறையில் தொட்டி செவ்வாய்தான் காலியாகிறது. ஜூன் 9, 10 தேதிகளில் நாளுக்கு இரண்டு லாட் மறுகழுவல். 11 அன்று உலர்த்தலும் காம்பாக்டிங்கும். 12 அன்று நான்கு லாட்டுக்கும் சோதனை. 13 சனிக்கிழமை துணி ஆலைக்கு வருகிறது, அதாவது ஐந்து நாள் தாமதம். பின்னலாடைத் துணியை வந்தவுடன் வெட்டக் கூடாது. விரித்துப் போட்டுத் தளர விட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய பிறகு சுருங்கி அளவு மாறும். ஞாயிறு அதற்குப் போகிறது. 15 வெட்டு, 16 தையல் தொடக்கம். இரண்டு தையல் லைன், லைனுக்கு நாளுக்கு 400 சட்டை என்றால் 8,000 சட்டைக்குப் பத்து வேலை நாள். இடையில் ஞாயிறு கழித்தால் ஜூன் 26. பேக்கிங் 29 அன்று முடியும், பரிசோதனை 30, ஆலையை விட்டுப் புறப்பாடு ஜூலை 1. ஜூன் 27 ஒப்படைப்பு தவறிவிட்டது. அடுத்த ஒப்படைப்பு நாள் ஜூலை 4, கப்பல் ஜூலை 7.

துணியில் ஐந்து நாள் தாமதம் கப்பலில் ஏழு நாளாக மாறுவதைக் கவனிக்க வேண்டும். கப்பல் வாரம் ஒன்று என்பதால் ஒரு நாள் பிந்தினாலும் ஏழு நாள்தான், ஆறு நாள் பிந்தினாலும் ஏழு நாள்தான். ‘ஐந்து நாள் தாமதம்’ என்று மட்டும் எழுதினால், பையர் தன் கணக்கிலும் ஐந்து நாளைத்தான் கூட்டிக்கொள்வார்.

இந்த இடத்தில் ஒரு சபலம் எழும். மூன்றாவது லைனையும் இறக்கினால் நாளுக்கு 1,200 சட்டை. ஏழு நாளில் ஜூன் 23 அன்று தையல் முடியும். 25 பேக்கிங், 26 பரிசோதனை, 27 காலை தூத்துக்குடி. பழைய கப்பலையே பிடித்துவிடலாம் போலத் தோன்றும். காகிதத்தில் இது சரி. ஆனால் புதிய சட்டைக்கு உட்காரும் லைன் முதல் இரண்டு நாள் முழு எண்ணிக்கை தராது. பரிசோதனையில், எடுத்த மாதிரிகளில் அனுமதித்ததைவிட ஒரு குறை கூடினாலும் முழுச் சரக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். இந்தத் திட்டத்தில் அதற்கு ஒரு நாள்கூட இடமில்லை. ஜூலை 7 திட்டத்திலோ, ஜூலை 1-க்கும் 4-க்கும் நடுவே மூன்று நாள் கையிருப்பு இருக்கிறது. எதுவும் தவறாமல் போனால் மட்டுமே நிறைவேறும் தேதி உறுதியான தேதி ஆகாது. ஒரு சாதாரணக் கோளாறு நடந்தாலும் நிற்கக்கூடிய தேதியையே எழுத வேண்டும். முதல் தாமதத்தைப் பையர் ஏற்றுக்கொள்வார். இரண்டாவது முறை தேதி மாறினால், அதன் பிறகு எந்தத் தேதியையும் நம்பமாட்டார்.

உறுதி தருவது எந்த நிகழ்வுக்கு என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். எஃப்.ஓ.பி. முறையில் கப்பலேற்றும் வரைதான் ஏற்றுமதியாளரின் பொறுப்பு. கப்பலை அமர்த்துவது பையரின் முகவர். கிடங்கில் ஒப்படைக்கும் நாளுக்கு உறுதி தரலாம். ஹாம்பர்க்கில் இறங்கும் நாளுக்கு முடியாது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல் நிறுவனங்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. ஐரோப்பியப் பயணம் ஒரு வாரத்துக்கு மேல் நீண்டது. அப்படிப்பட்ட மாற்றங்களை முகவரின் அட்டவணைக்கு விட்டுவிட வேண்டும்.

கப்பல் தேதி நகர்ந்தால் வங்கித் தாள்களும் நகர வேண்டும் என்பது சிலருக்கு நினைவிருக்காது. பணம் கடன் உறுதிக் கடிதத்தின் வழியே வருவதானால், எல்.சி. என்று சொல்லப்படும் அந்தக் கடிதத்தில் சரக்கு ஏற்றக் கடைசி நாள் குறிக்கப்பட்டிருக்கும். இந்த ஆர்டரில் அது ஜூன் 30. ‘பரவாயில்லை, ஜூலை 7 அனுப்புங்கள்’ என்று பையர் அன்போடு எழுதியிருந்தாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கி பார்ப்பது தாள்களை மட்டுமே. ஜூலை 7 தேதியிட்ட கப்பல் ரசீதைக் கண்டால் முரண்பாடு என்று குறித்துப் பணத்தை நிறுத்தலாம். 2007 முதல் நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600 விதிகளின்படி, கடிதத்தைத் திருத்த அதை வழங்கிய வங்கியின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பிக்க வேண்டியவர் பையர். ஆகவே தாமதத் தகவலிலேயே இந்தக் கோரிக்கையும் இருக்க வேண்டும்.

மறுகழுவலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒட்டிக்கொண்டிருந்த சாயம் வெளியேறும்போது நிறம் சற்று வெளிரலாம். பையர் ஏற்கனவே ஒப்புக்கொண்ட நிற மாதிரியோடு இது பொருந்துகிறதா என்று அவரே சொல்ல வேண்டும். துணித் துண்டைக் கூரியரில் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்தால் போட்ட கணக்கு எல்லாம் உடையும். நிற வேறுபாட்டை அளக்கும் கருவியின் அளவீட்டை மின்னஞ்சலில் அனுப்பி, அதன் அடிப்படையில் ஒப்புதல் கேட்கலாம். இது பையரின் கையில் இருக்கும் செயல் என்பதால், அவர் எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

கடைசியாக, மாற்று வழி. சரக்கு முழுவதும் ஒரு வாரம் பிந்தத்தான் வேண்டுமா? ஜூன் 16 முதல் 20 வரை ஐந்து நாளில் 4,000 சட்டை தயாராகிவிடும். அவற்றைத் தனியே பேக் செய்து 24 அன்று பரிசோதித்தால், 27-க்குள் நிதானமாகத் தூத்துக்குடி சேரும். பாதி ஜூன் 30 கப்பலில், மீதி ஜூலை 7 கப்பலில். எல்.சி.யில் தடை எழுதப்படாத வரை பகுதி ஏற்றுமதிக்கு அதே விதிகள் இடம் தருகின்றன. ஆனால் பாதி சரக்கிலும் எல்லா அளவுகளும் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும்; அதற்கு வெட்டுவதற்கு முன்பே முடிவு தெரிய வேண்டும். இரண்டு தடவை அனுப்புவதால் பையருக்குக் கூடுதல் செலவும் உண்டு. அதனால் இது அவருடைய தேர்வு. விமானத்தில் அனுப்புவதும் ஒரு வழிதான். தாமதம் ஏற்றுமதியாளரால் என்றால் அந்தச் செலவு பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும், மலிவான டி-சட்டையில் அது லாபத்தை முழுவதும் தின்றுவிடும். பையர் கேட்காதவரை அதைத் தாமே முன்மொழிய வேண்டியதில்லை.

இவ்வளவும் கையில் வந்த பிறகு, திங்கள் காலை எழுதப்படும் மடல் இப்படி அமையும். நடைமுறையில் இது ஆங்கிலத்தில் போகும். பொருளும் வரிசையும் இவைதான்.

> பொருள்: கருநீல டி-சட்டை, 8,000: துணி வரவு ஜூன் 8-லிருந்து 13-க்கு, புதிய ஒப்படைப்பு ஜூலை 4, கப்பல் ஜூலை 7
>
> வெள்ளிக்கிழமை அனுப்பிய முன்தகவலின் தொடர்ச்சி இது. ஜூன் 8 அன்று வர வேண்டிய துணி ஜூன் 13 அன்று வரும். இதனால் ஜூன் 30 கப்பல் தவறுகிறது. முழுச் சரக்கையும் ஜூலை 4-க்குள் தூத்துக்குடிக் கிடங்கில் ஒப்படைப்போம். அது ஜூலை 7 கப்பலில் ஏறும். இந்தத் தாமதத்துக்கு வருந்துகிறோம்.
>
> காரணம்: நான்கு லாட்டுகளிலும் சாயமிட்ட பின் ஓர் அலசல் விடுபட்டதால், பிணையாத சாயம் துணியில் தங்கி, ஈர உரசல் மதிப்பு 3-க்குப் பதில் 2 ஆனது. முதல் லாட்டைச் சோதிக்காமல் மற்றவற்றைத் தொடர அனுமதித்தது எங்கள் ஏற்பாட்டின் குறை. சனிக்கிழமை மறுகழுவிய மாதிரி 3 பெற்றது. அறிக்கை இணைப்பில் உள்ளது. இனி முதல் லாட் தேறிய பிறகே அடுத்த லாட் தொடங்கும்.
>
> திட்டம்: மறுகழுவல் ஜூன் 9, 10. நான்கு லாட்டின் சோதனை அறிக்கையும் நிற அளவீடும் ஜூன் 12 பிற்பகலில் உங்களுக்கு வரும், முடிவு எதுவானாலும். வெட்டு 15, தையல் 16 முதல் 26 வரை, பரிசோதனை 30, ஆலைப் புறப்பாடு ஜூலை 1. மூன்று நாள் கையிருப்பு வைத்திருக்கிறோம்.
>
> உங்களிடமிருந்து மூன்று முடிவுகள் தேவை. ஜூன் 12 அன்று உங்கள் அலுவலக நேரம் முடிவதற்குள் நிற ஒப்புதல். அதே நேரத்துக்குள், 4,000 சட்டைகளை ஜூன் 30 கப்பலிலேயே அனுப்ப விருப்பமா என்பது. ஜூன் 26-க்குள் எல்.சி.யில் ஏற்றுமதிக் கடைசி நாளை நீட்டித்துத் திருத்தம். நிற ஒப்புதல் பிந்தினால் வெட்டும் நாளும் அதே அளவு பிந்தும்.

தேதி பொருள் வரியிலேயே இருப்பது வேண்டுமென்றே செய்தது. இந்த மடலை முதலில் படிப்பவர் மெர்ச்சண்டைசர். அவர் அதைத் தன் மேலாளருக்கும் கிடங்குப் பொறுப்பாளருக்கும் அனுப்புவார். அவர்கள் முதல் பத்தியைத் தாண்டிப் படிக்கமாட்டார்கள். வருத்தம் ஒரே முறை, ஒரே வரியில் வருகிறது. பத்திக்குப் பத்தி மன்னிப்புக் கேட்கும் மடலில் தேதியைத் தேட வேண்டியிருக்கும்.

படிக்கும் பக்கத்தில் இருப்பவர், வந்த தேதி உறுதியானதா என்று கண்டறிய வழி உண்டு. இடைப்பட்ட நாட்களில் எந்த நாளில் எந்தச் சான்று வரும் என்று மடல் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே உள்ள மடலில் ஜூன் 12 அறிக்கை அப்படிப்பட்டது. அந்த நாளில் அறிக்கை வரவில்லை என்றால் ஜூலை 7-ம் ஆட்டம் காண்கிறது என்று மூன்று வாரத்துக்கு முன்பே தெரிந்துவிடும். கடைசித் தேதி மட்டும் சொல்லி நடுவில் எதுவும் சொல்லாத மடலில், தவறு நடந்தது கப்பல் போன பிறகுதான் தெரியவரும்.

ஜூன் 12 அன்று ஒரு லாட் மட்டும் தேறாமல் போகலாம். அப்போது கையிருப்பிலிருந்து ஒரு நாளை எடுத்து அந்த லாட்டை மறுபடி கழுவலாம், தேறிய மூன்றை முதலில் வெட்டலாம். ஜூலை 7 நிற்கும். ஆனாலும் அன்றே எழுத வேண்டும்: மூன்று லாட் தேறியது, ஒன்று மறுகழுவலில், கையிருப்பு மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது, கப்பல் தேதியில் மாற்றமில்லை. தையல் தொடங்கும் 16 அன்றும், பாதி முடியும் 20 அன்றும், பரிசோதனை முடியும் 30 அன்றும் ஒரு வரி போதும். எல்.சி. திருத்தம் 26 கடந்தும் வரவில்லை என்றால் அதைத் தனி மடலாக நினைவூட்ட வேண்டும். மற்ற செய்திகளோடு கலந்தால் கண்ணில் படாது.

ஜூலை 4 அன்று கிடங்கு தரும் வரவு ரசீதையும், 7 அன்று கப்பலேறிய பின் கிடைக்கும் சரக்கு ரசீது எண்ணையும் அதே மடல் தொடரில் அனுப்புவதோடு இந்தத் தகவல் முடிகிறது. அந்த ரசீதின் தேதியிலிருந்து 21 நாளுக்குள், கடிதம் காலாவதியாகும் முன், தாள்கள் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும்.